அப்பாவின் பத்து நிமிடங்கள்

அரியூர் மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கும் வேலையிலிருந்த ஜெயசித்ராவுக்கு, முப்பத்தைந்தாவது வயதில் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை கலைவேந்தன், அரியாங்குப்பத்தில் எலக்ட்ரீஷியன். இருவருக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சரியாய்ப் போகும் என்று ஜோதிடர் விஜயராஜே பொருத்தம் பார்த்துச் சொல்லியிருந்தார். முகூர்த்தம் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் பாகூரிலிருந்து ஜோதிடரின் கடிதம் வந்தது.

“மகள் ஜெயசித்ராவுக்கு, போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது என்பதால் எழுதுகிறேன். முகூர்த்தம் குறிக்க உன் ஜாதகத்தை மறுபடி கணித்தேன். பகல் 10.32 என்ற நேரத்துக்குக் கடக லக்னம், அதுவும் முதல் பாகையில், விளிம்பில் நிற்கிறது. லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய நாலு நிமிடம். விளிம்பில் நின்றால் நேரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதுதான் நீ ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. உன் அப்பா வாட்சை எப்போதும் பத்து நிமிடம் கூட்டியே வைத்திருப்பார் என்றாயே. 10.22 என்று வைத்துப் போட்டேன். மிதுன லக்னம் வந்துவிட்டது.

பத்து நிமிடத்தில் சந்திரன் அசைவது அற்பம். துலா ராசி, சுவாதி, நடக்கும் தசை எதுவும் மாறவில்லை. லக்னம் மாறியதால் வீடுகள்தான் மாறின. கும்பத்திலுள்ள செவ்வாய் கடகத்துக்கு எட்டாமிடம், அது தோஷம். மிதுனத்துக்கு ஒன்பதாமிடம், தோஷமில்லை. துலாத்திலிருந்து எண்ணினாலும் ஐந்துதான். நடந்ததை வைத்தும் சோதித்தேன். ஒன்பது தகப்பன் ஸ்தானம். உன் இருபத்திரண்டாவது வயதில், குரு தசை செவ்வாய் புத்தியில், அப்பா தவறினார். மிதுனம்தான் சரி.

ஆக, உனக்குத் தோஷமில்லை மகளே. ஆனால் மாப்பிள்ளைக்கு இருக்கிறது. நான் போட்ட பொருத்தம் இனி நிற்காது. அன்றே நேரத்தை விசாரிக்காதது என் பிழை. மன்னித்துக்கொள்.”

கடிதத்தோடு இரண்டு கட்டங்கள். பழையதும் புதியதும்.

அவள் பீரோவைத் திறந்து அப்பா அன்புராஜின் கைக்கடிகாரத்தை எடுத்தாள். அவர் வேலை பார்த்த நூல் ஆலையில் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள், ஷிப்ட் போய்விடும். அந்தப் பயத்தில் பத்து நிமிடம் முன்னாலேயே ஓடிய கடிகாரம் அது. அப்பா போன பிறகும் அம்மா அதை அப்படியே ஓடவிட்டிருந்தாள். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் நின்றிருந்ததாம். “டைம் இன்னாய்யா?” என்று நர்ஸ் கேட்க, மகளைப் பார்த்த மயக்கத்தில் அப்பா முள் காட்டியதை அப்படியே சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயலில் மஞ்சள் வெயில் மிதந்தது. நடக்காமலே போன அந்தப் பத்து நிமிடங்கள், பஞ்சுத் துகள்களைப் போல வெயிலில் சுழல்வதாக அவளுக்குத் தோன்றியது. பதினோரு வரன்கள் அதற்குள் வந்து, அதற்குள்ளேயே தொலைந்து போயிருந்தார்கள். கோபப்பட நினைத்தாள். அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சின் வாசனைதான் வந்தது. அழுதாள்.

“கிழிச்சிப் போடுடி அந்தக் கடுதாசிய. வாய மூடிக்கினு தாலியக் கட்டிக்க” என்றாள் அம்மா.

“பொய் சொல்லிட்டு அந்த வூட்டுல எப்படிம்மா சிரிக்கிறது?”

மறுநாள் காலை அப்பாவின் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு அரியாங்குப்பத்துக்கு ஸ்கூட்டியை விட்டாள். பாலத்தின் மேல் ஆற்றுக் காற்று புடவையை அள்ளியது. இந்த வழியில் வருவது இதுதான் கடைசி முறையோ என்று நினைத்துக்கொண்டாள்.

கலைவேந்தனின் அம்மா ஆதிலட்சுமி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முகம் வெளிறிவிட்டது.

“வேணாம் கண்ணு. தோஷம் இல்லாத பொண்ண இவனுக்குக் கட்டினா பொண்ணு உசுருக்கு ஆவாது. அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

கலைவேந்தன் வாசலில் ஒயர்ச் சுருளோடு நின்றான். “அம்மா சொல்றதும்...” என்று தொடங்கி முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

ஜெயசித்ராவுக்கு அப்போது ஒன்று விளங்கியது. இத்தனை நாள் அவள்தான் ஆபத்து. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளையின் உயிருக்குப் பயந்தே ஓடினார்கள். இப்போது கட்டம் திரும்பிவிட்டது. பயம் அவளுடையது, அதனால் முடிவும் அவளுடையது.

“அத்த, நேத்து வரைக்கும் பாக்க வந்த மாப்ளைங்க உசுரு. அப்ப நான் பேச முடியாது. இப்ப என் உசுருதான? அத நான் பாத்துக்கறேன். என்னய வேணான்னு சொல்ல உங்களுக்கு வேற காரணம் இருக்கா?”

ஆதிலட்சுமி எழுந்து வந்தாள். “இன்னா பொண்ணுடி நீ!” என்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கோயில்ல ஒரு பரிகாரமாச்சும் பண்ணிடலாம், தட்டாத.”

“பண்ணலாம் அத்த.”

கலைவேந்தன் கிட்டே வந்தான். “பயமா இல்லியா?”

“இருக்கு” என்றாள். “ஆனா எனக்காக நானே பயப்படறது இதான் மொத தபா. நல்லாதான் இருக்கு.”

அவன் சிரித்தான். அவள் தன் மணிக்கட்டைத் தூக்கி நேரம் பார்த்தாள். அப்பாவின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பத்து நிமிடம் முன்னால். அவள் அதைத் திருத்தவில்லை.