மெட்ரோனிடசோலை மறித்த நாள்

மருந்துக் குறுக்கீட்டுப் பதிவேடு என்று எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒன்று இருக்கிறது. வைத்தியர் எழுதிய மருந்தில் என்ன சிக்கல், யாரிடம் கதைத்தோம், என்ன மாறியது, முடிவு என்ன என்று மருந்தாளர் எழுதி வைப்பது. என்னோடு வேலை செய்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கோள்மூட்டிக் கொப்பி’. சொல்லிவிட்டுப் போகட்டும். பல்லுக்கொதியோடு வந்த ஒரு மனிசனைப் பற்றி அதில் நான் எழுதிய பக்கம் எனக்கு இன்றைக்கும் பெருமை.

வல்வெட்டித்துறைக்காரர், கடலுக்குப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும். கன்னம் வீங்கி, பல்லுக்கொதியோடு யன்னலடிக்கு வந்தார். பல் வைத்தியர் அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல், நோவுக்கு டைக்ளோபினாக் என்று எழுதியிருந்தார். வீங்கின பல்லுக்கு வழக்கமான மருந்துத் துண்டுதான். குளிசைகளை எண்ணிப் பைகளில் போட்டுவிட்டு, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

“வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ அண்ணை?”

“இல்லைத் தங்கச்சி. கெதியாத் தாங்கோ, உயிர் போகுது.”

பைகளை வாங்கக் குனிந்தார். சேட்டின் மேல் பொத்தான்கள் பூட்டப்படவில்லை. நெஞ்சின் நடுவே நெடுக ஒரு தழும்பு. என் கை தானாகவே பைகளைப் பின்னுக்கு இழுத்தது.

“நெஞ்சிலை என்ன ஒப்பரேசன்?”

“அது பழசு. வால்வு மாத்தினது.”

“வால்வோ! அப்ப வார்பரின் குடிக்கிறீங்கள்தானே?”

அவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு மெல்ல, “ஓம், பின்னேரத்திலை ஒண்டு” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “கிளினிக் கொப்பி எங்கை?”

“வீட்டை. கொப்பியைக் காட்டினா, ‘உங்கடை இருதயக் கிளினிக்குக்குப் போங்கோ’ எண்டு கலைச்சுப்போடுவினம். ஒரு நாள் தொழில் போயிடும். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?”

எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. சின்ன வருத்தம் என்றால், நோயும் மருந்தும் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியை ஒளித்துவிட்டு வருவார்கள். நான் குரலை உயர்த்தித்தான் சொன்னேன்: “அண்ணை, வார்பரின் ரத்தம் கட்டியாகாமல் பாக்கிறது. இந்த மெட்ரோனிடசோல் குளிசை அதின்ரை வேகத்தைக் கூட்டும். மற்ற நோவுக் குளிசை வயித்தைப் புண்ணாக்கும். ரெண்டும் சேந்தா ரத்தம் போகத் துவங்கும். நடுக்கடலிலை போனா ஆர் மறிக்கிறது?”

மனிசன் யன்னலருகே கிடந்த வாங்கிலில் குந்திவிட்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ‘பொறுங்கோ’ என்றுவிட்டு பல் வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

“மிஸ், நான் கேட்டனான். ஒரு மருந்தும் இல்லை எண்டவர்” என்றார் அவர் வெடுக்கென்று.

“என்னட்டையும் அப்பிடித்தான் சொன்னவர் டொக்டர். செயற்கை வால்வு, வார்பரின். மெட்ரோனிடசோலும் டைக்ளோபினாக்கும் வேண்டாம், ரத்தத்திலை ஐ.என்.ஆர். இண்டைக்கே பாக்கவேணும்.”

“ஐயோ, நாளைக்குப் பல்லும் கழட்ட இருந்தனான். உடனை அனுப்புங்கோ” என்றார். நல்ல மனிசன். தலைக்கனம் இருந்திருந்தால் இழுபட்டிருப்போம்.

பல் வைத்தியரே இருதயக் கிளினிக் வைத்தியரோடும் கதைத்தார். மெட்ரோனிடசோல் வெட்டப்பட்டது. டைக்ளோபினாக்குக்குப் பதில் பரசிற்றமோல். அமொக்சிசிலின் மட்டும் தொடர்ந்தது. சீழை அன்றே மெல்லக் கீறி வடித்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு சுணங்குகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். நோயாளிக்குரிய எல்லையைத் தாண்டியே நின்றது. பல்லுக்கொதியில் வெறும் தேத்தண்ணியோடு கிடந்திருக்கிறார், சாப்பாடு குறைந்தாலும் அது ஏறும். அதற்கு மேல் நான் அந்தப் பைகளையும் நீட்டியிருந்தால்! வார்பரின் அளவை இருதய வைத்தியர் திருத்தினார். ஐ.என்.ஆர். எல்லைக்குள் வந்த பிறகுதான் பல் என்று முடிவாயிற்று.

நான் பதிவேட்டை எடுத்தேன். சிக்கல்: வார்பரின் பாவிப்பவருக்கு மெட்ரோனிடசோல், டைக்ளோபினாக்; ரத்தக்கசிவு அபாயம். தொடர்புகொண்டவர்: பல் வைத்தியர், தொலைபேசியில். ஆலோசனை ஏற்கப்பட்டது. மாறிய மருந்துகள் இன்னின்னவை. யாரில் பிழை என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அது அதற்கான இடமில்லை. ‘முடிவு’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். அது வெறுமையாகக் கிடந்த நாட்களில் எனக்கு நிம்மதியே இல்லை.

பிறகு ஒரு முற்பகல் போன் அடித்தது. பல் வைத்தியர்.

“மிஸ், உங்கடை வல்வெட்டித்துறை ஆள் வந்தவர். கொப்பியோடை! ஐ.என்.ஆர். சரியா இருந்தது. நுண்ணுயிர்கொல்லி முதலே குடுத்து, பல்லைக் கழட்டி, ஒரு தையலும் போட்டாச்சு. பஞ்சைக் கடிச்சுக்கொண்டு இருந்தவர்.”

“ரத்தம்?”

“நிண்டிட்டுது. ஆள் சுகமா வீட்டை போயிட்டார்.”

“நிண்டிட்டுதாம்!” என்று நான் போட்ட சத்தத்தில் மருந்தகமே திரும்பிப் பார்த்தது. ‘கோள்மூட்டிக் கொப்பி’ என்றவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் எழுதினேன்: ரத்தம் நின்றது, நோயாளி நலமாக வீடு திரும்பினார்.