சரிவை ஏற்றமென்று படித்த கணக்கு

எங்கள் அலுவலகத்தில் அவரை வாலக்கா என்றுதான் கூப்பிடுவோம். குறும்பு செய்கிறவர் என்பதால் வந்த பெயர் இல்லை. எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், "நடுவுல இருக்கிறதை யாரும் பாத்துப்பாங்க, வாலைப் பாருங்க" என்பார். என்றைக்கோ ஒரு நாள் நடக்கிற பெரிய சரிவுகள் வரைபடத்தில் ஒரு ஓரமாக வால் மாதிரி நீண்டு கிடக்குமே, அதைச் சொல்கிறார். மேலாளர் முன்னால் மட்டும் மேடம் என்போம். திரும்பினால் வாலக்காதான். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

நாங்கள் வேலை செய்வது பங்குச் சந்தைக்குப் பின்கட்டில். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் எங்கள் நிறுவனம் நிற்கும். ஒருவர் கையை விரித்தாலும் அடுத்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். அதற்காகத் தரகர்களிடம் முன்கூட்டியே ஒரு தொகையை வாங்கி வைப்போம். அதற்குப் பெயர் மார்ஜின். நாளைக்குச் சந்தை எவ்வளவு ஆடும் என்று இன்றைக்கே கணித்து, அதைப்போல மூன்றரை மடங்கு விழுந்தாலும் தாங்குகிற அளவுக்கு வாங்குவோம். கணிப்பது வாலக்கா. தரகர்களுக்குப் போன் போட்டு வசவு வாங்குவது நான்.

நாளைய ஆட்டத்தைக் கணிக்கிற பழைய மாடலுக்கு ஏற்றமும் சரிவும் ஒன்றுதான். சந்தைக் குறியீடான இண்டெக்ஸ் இரண்டு சதவீதம் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, அதை வர்க்கமாக்கி நாளைய ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும். வாலக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பல வருடத்து விலைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். நல்ல செய்தி வந்து சந்தை ஏறினால் அடுத்த நாள்கள் பெரும்பாலும் அடங்கியே போயின. அதே அளவு சரிந்தால் ஆட்டம் பிடித்துக்கொண்டது, லேசில் விடவில்லை. ஏன் என்பதில் ஆளுக்கொரு கட்சி. விலை விழுந்தால் கம்பெனியின் கடன் குறையாது, அதைத் தாங்குகிற பங்கு மதிப்புதான் குறைகிறது, அதனால் ஆபத்து கூடுகிறது என்பார்கள் சிலர். பயம்தான் காரணம் என்பார்கள் வேறு சிலர். வாலக்கா அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஏற்றத்தின் வர்க்கத்துக்குச் சின்ன எடை, சரிவின் வர்க்கத்துக்கு அதைப்போல ஐந்து மடங்கு எடை என்று ஒரு புது மாடலைக் கட்டினார்.

அதை ஒப்புக்கொள்ள வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நஷ்டப்பட்ட அன்றைக்கே கூடுதலாகக் கேட்டால் எப்படி என்று தரகர்கள் குதித்தார்கள். மாடலுக்கு ஒப்புதல் தர வேண்டிய குழுவில் ஒருவர், "கூட்டல் கழித்தல் குறியில என்னம்மா இருக்கு, அளவுதானே முக்கியம்" என்று கேட்டார். "குறியிலதான் சார் எல்லாமே இருக்கு" என்றார் வாலக்கா. ரொம்ப நாள் இழுத்தடித்து, கடைசியில் கையெழுத்தானது. புது மாடல் ஓடத் தொடங்கியது.

அப்போது சந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கால் சதவீதம், அரை சதவீதம் என்று மெல்ல ஏறும். தன் மேசைக் கணினியில் தனியாகப் போட்ட கணக்கையும், நிறுவனத்துப் பெரிய கணினி கொடுத்ததையும் வாலக்கா தினமும் ஒப்பிட்டார். தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ கொஞ்சம் உதைக்கும். தசமங்களைச் சுருக்குவதில் வருகிற வித்தியாசம் என்று விட்டுவிட்டார். ஒரு தரகர் மட்டும் என்னிடம், "சந்தை ஏறினா மார்ஜினும் ஏறுதே, இது என்ன கூத்து?" என்று கேட்டார். போய்ச் சொன்னேன். "ஏத்தத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டுப்பா" என்றார். அதில் தப்பில்லை. அதனால்தான் நானும் மேலே கேட்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு பெரிய வங்கியின் கணக்கு வழக்கில் ஏதோ கோளாறு என்று காலையில் செய்தி. சந்தை முடியும்போது இண்டெக்ஸ் நான்கு சதவீதம் சரிந்திருந்தது. எங்கள் அறையில் போன் ஓயவில்லை. வாலக்கா மட்டும் நிதானமாக இருந்தார். இப்படி ஒரு நாளுக்காகத்தானே கட்டினார்.

"எவ்வளவு வரும்க்கா?" என்றேன்.

துண்டுத்தாளில் போட்டார். "நாலோட வர்க்கம் பதினாறு. சரிவோட எடை புள்ளி ஒண்ணு அஞ்சு. ரெண்டு புள்ளி நாலு ஆச்சா. நேத்தைய ஆட்டத்துல மிச்சம் புள்ளி ஒன்பது கிட்ட. மூணு புள்ளி மூணு. வர்க்கமூலம் எடுத்தா ஒண்ணு புள்ளி எட்டு. நேத்து ஒண்ணுதான். தரகருங்க உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கப் போறாங்க."

பெரிய கணினி கணக்கை முடித்துத் திரையில் எண்ணைப் போட்டது. 1.18.

எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "வந்துடுச்சுக்கா, ஒண்ணு புள்ளி எட்டு" என்றேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரியாப் படி" என்றார். குரலே மாறியிருந்தது. "ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டு."

நாடே ஆடிப்போன நாளில், நாளைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று எங்கள் கணினி சொல்லிக்கொண்டிருந்தது.

துண்டுத்தாளைத் திருப்பி, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். பேனா ஒரு இடத்தில் நின்றது. "பதினாறை புள்ளி பூஜ்யம் மூணால பெருக்கியிருக்கு" என்றார். "அது ஏத்தத்தோட எடை. இன்னைக்கு நாலு சதவீதம் ஏறிடுச்சுன்னு படிச்சிருக்கு."

மாடலுக்குள் போகிற கோப்பைத் திறந்தார். கணினிக்கென்றே உள்ள கோப்பு அது, மனிதர்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை. அன்றைய தேதிக்கு எதிரே 4.0 என்று இருந்தது. முன்னால் கழித்தல் குறி இல்லை. மேலே நகர்த்தினார். சந்தை ஏறிய ஒவ்வொரு நாளுக்கு முன்னாலும் கழித்தல் குறி. நாற்காலியின் கையை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்து நான் தண்ணீர் எடுத்து வந்தேன். குடிக்கவில்லை.

அந்தக் கோப்பை உண்டாக்குகிற புரோகிராமை எழுதியவர் அவருடைய கணவர்.

கதை கட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் இதே தளத்தில்தான் வேலை பார்த்தார்கள். பிறகு கணவர் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் போய்விட்டார். அவர் எழுதிய புரோகிராம் மட்டும் இங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

வாலக்கா போனை எடுத்தார். எடுத்த எடுப்பில், "ஏங்க, உங்க புரோகிராம் படிக்கிற விலைக் கோப்புல மேல இருக்கிறது புது விலையா, பழைய விலையா?" என்றார்.

பக்கத்து மேசையிலிருந்த எனக்கே கணவரின் குரல் கேட்டது. "என்ன திடீர்னு? பழசுதான் மேல. தேதி வரிசைதானே."

"இல்லங்க. புதுசு மேல இருக்கு."

"புதுசு மேலயா" என்று தனக்குள்ளே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் நேத்து விலையை இன்னைக்கு விலையால வகுத்திருக்கேன்" என்றார். "குறி தலைகீழாயிருக்கும்."

"ஆமா."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமும் வர்க்கம் எடுத்தோம். குறி அதுல காணாமப் போயிடுச்சு. இப்பதான் குறியைப் பாக்கிற மாடலைப் போட்டேன்."

"நீ சோதிக்கலையா?" அவர் குத்திக்காட்டவில்லை. நம்ப முடியாமல்தான் கேட்டார்.

"என் கணக்குக்கு விலையை நானே எடுத்து வகுத்தேன். அது சரியா இருந்துச்சு." போனை வைத்துவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவர் போல ஒரு நிமிடம் நின்றார்.

மேலாளர் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேலாளர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முந்தைய வாரம்தான் இயக்குநர்கள் முன்னால் இந்த மாடலைப் புகழ்ந்து பேசிவிட்டு வந்திருந்தார்.

"அப்ப இது பழசைவிட மோசமா?"

"இன்னைக்கு மோசம் சார். பழசா இருந்தா ஒன்றரை கொடுத்திருக்கும். அதுக்குக் குறி தெரியாது, அதனால தப்பும் தெரியாது. ஒரு வரியைத் திருத்த விடுங்க, ஒண்ணு புள்ளி எட்டு வந்துடும்."

"குழுவைக் கேக்காம ஓடுற மாடல்ல கை வைக்க முடியாதும்மா. அதுவும் உங்க வீட்டுக்காரர் எழுதினதை நீங்களே திருத்தினீங்கன்னா, நாளைக்கு என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

வாலக்காவின் முகம் வெளுத்தது. அந்தக் கோணத்தை அவர் யோசித்தே இருக்கவில்லை. ஆனாலும் அசையவில்லை. "மாடல்ல கோளாறுன்னா பழசுக்குப் போகலாம்னு விதியிலயே இருக்கு. அதையாவது செய்யுங்க. அதுக்கு மேல தரகர்கிட்ட கொஞ்சம் சேத்துக் கேளுங்க."

"பழசுக்குப் போறேன். மேல சேக்க மாட்டேன்" என்றார் மேலாளர்.

அப்படியே முடிவானது. பழைய மாடலின்படி இண்டெக்ஸ் ஐந்தேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் விழுந்தாலும் தாங்குகிற மார்ஜின். நான் போனில் உட்கார்ந்தேன். வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அந்த வங்கியின் கதவு திறக்கவில்லை. சந்தை திறந்த வேகத்தில் விழுந்தது. மூன்று, நான்கு, நாலரை. 1.18 என்ற எண் அப்படியே போயிருந்தால் நாங்கள் வைத்திருக்கும் தொகை நான்கைத் தாண்டியதுமே தீர்ந்திருக்கும். ஐந்தைத் தொட்டது. ஐந்து புள்ளி ஒன்றில் நின்றது. நின்றது என்று நம்பவே வெகுநேரமானது. ஒரு சின்னத் தரகு நிறுவனம் மட்டும் கையை விரித்தது. அவர்களிடம் வாங்கி வைத்திருந்தது மயிரிழையில் போதுமானதாக இருந்தது.

தப்பித்தோம் என்று நாங்கள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தபோது வாலக்காவைக் காணவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "நேத்து ரெண்டு சதவீதம்தான் விழுந்திருந்தா நான் கவனிச்சிருப்பேனான்னு பாக்கிறேன்" என்றார். "மாட்டேன். இன்னைக்கு இது அப்படியே நம்ம தலையில இறங்கியிருக்கும்." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விசாரணை நடந்தது. கணவரையும் வரவழைத்தார்கள். வருகையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு காலத்தில் தான் உட்கார்ந்த அறையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். புரோகிராமில் தப்பு தன்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னார். சோதனையில் தப்பு தன்னுடையது என்று வாலக்கா சொன்னார். இருவரும் சேர்ந்து மறைத்தார்களா என்று கேட்டபோதுதான் வாலக்கா உடைந்துபோனார். "எங்களுக்கே தெரியாததை எப்படிங்க மறைப்போம்?" என்றார். விசாரணையை அதோடு முடித்தார்கள்.

அவருக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது. மாடல் திரும்பி வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனையை அவரே சேர்த்தார். பொய்யாக ஒரு ஏற்றத்தையும் அதே அளவு ஒரு சரிவையும் பெரிய கணினிக்குள் கடைசி வரை அனுப்பி, சரிவுக்குத்தான் எண் அதிகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கால் மணி நேரத்து வேலை. முதலிலேயே செய்திருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

வீட்டில் இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டார்களா என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். "சண்டையெல்லாம் இல்லப்பா" என்றார். "ரெண்டு பேரும் ரொம்ப நாள் பேசவே இல்ல. கோவத்துல இல்ல. யாரு என்ன சொன்னாலும் இன்னொருத்தருக்கு வலிக்கும்னு இருந்தோம். அப்புறம் ஒரு நாள் குழாய் ஒழுகுச்சு. அதுக்காகப் பேசித்தான் ஆகணும்னு ஆச்சு."