ஒரு நிமிட சார்ட்டும் பத்து மாத அட்வான்ஸும்

பங்குச் சந்தையில் பொறுமையில்லாதவர்களுக்காகவே ஒரு நிமிட சார்ட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிக்கிறவன் நான். நிமிடத்துக்கொரு கேண்டில், விலை ஏறினால் பச்சைக் கட்டை, இறங்கினால் சிவப்புக் கட்டை; வாங்கு, கொஞ்சம் ஏறியதும் விற்றுவிட்டு ஓடு. இதைவிடப் பொருத்தமான தொழில் எனக்குக் கிடைக்குமா?

தொம்மலூரில் எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த தெருவில் தரைத்தள வீடொன்று காலியானது. பத்து மாத வாடகை அட்வான்ஸ். அவளுடைய சீட்டுப் பணம் முழுவதையும் எடுத்தும் கொஞ்சம் குறைந்தது. "குறையறத நான் மார்க்கெட்ல எடுத்துடறேன்" என்று அந்தச் சீட்டுப் பணத்தை வாங்கி என் டிரேடிங் கணக்கில் போட்டேன்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் தினசரி சார்ட் மட்டும் பார்ப்பவர். சந்தை மூடியபின் ஒரு பார்வை, ஓர் ஆர்டர், இதற்குக் கீழே இறங்கினால் தானாகவே விற்றுவிட ஒரு ஸ்டாப் லாஸ். பிறகு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்.

"ஒரு நிமிஷ சார்ட்டுக்குப் பதட்டக்காரன் சரிப்படமாட்டான் குரு. நஷ்டத்த டக்குனு வெட்டிட்டு, மொகம் மாறாம அடுத்தத வாங்கணும். பஸ்ல ஒரு ரூபா சில்லற வரலன்னாலே நீ அழுவ."

"உன்ன மாதிரி தூங்கிக்கினே சம்பாதிக்க எனக்கு வராது."

"வெட்டறதுக்கும் தில்லு வேணும், தூங்கறதுக்கும் தில்லு வேணும். உனக்கு ரெண்டுமே இல்ல. பேங்க்ல போடு, போ."

வெள்ளிக்கிழமை அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து, கையிலிருந்ததைப்போல ஐந்து மடங்குக்கு, டிரேடிங் ஆப் தரும் கடனில், ஒரு பங்கை இன்ட்ராடேவில் வாங்கினேன். அது இறங்கியது. ஸ்டாப் லாஸைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன். விலை அங்கேயும் வந்தது. மரியாதை தெரியாத பங்கு என்று திட்டிவிட்டு, ஸ்டாப் லாஸையே அழித்தேன். அப்போதுதான் ஞானம் பிறந்தது: ஒரு நிமிட சார்ட்டை ஐந்து நிமிட சார்ட்டாக மாற்றினேன், பிறகு ஒரு மணி நேர சார்ட்டாக, பிறகு தினசரி சார்ட்டாக. ஆகா! என் பேரழிவு அங்கே ஏறுமுகத்தின் நடுவில் சின்னச் சிவப்புப் பொட்டு. நான் ஸ்விங் டிரேடராகிவிட்டேன். ஒரு வாரம் வைத்திருந்தால் போதும், ஏறிவிடும்.

வெளியே வந்து பக்கத்து மேஜைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

"இன்ட்ராடேல தானே வாங்கின? அது அன்னிக்கே முடியற கணக்கு. மூணு இருபது வாக்குல ஆப்பே வித்துடும். வச்சுக்கணும்னா முழுப் பணமும் கட்டி டெலிவரிக்கு மாத்தணும். இருக்குதா?"

"இல்ல."

"ஓசூருக்கு டிக்கெட் எடுத்துட்டு மைசூர் மேப்பப் பாத்தா, பஸ்ஸு மைசூருக்கா போவும்?"

மனைவி போன் செய்தாள். "ஏங்க, பணம் ரெடியா? ஓனர் கேக்கறாரு. எனக்குச் சமையல்கட்டு ஜன்னல் கூடப் பிடிச்சுப் போச்சுங்க."

"டெய்லி சார்ட்ல ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

பங்கு நான்கு சதவீதம் இறங்கியிருந்தபோது ஆப் விற்றது. ஐந்து மடங்குக்கு வாங்கியதால் சீட்டுப் பணத்தில் ஐந்தில் ஒன்று போயிற்று. மறு வாரம் அதே பங்கு நான் வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. பக்கத்து மேஜைக்காரரிடம் அது இருந்தது. தரைத்தள வீட்டுக்கு வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.