ஒரு புள்ளி இடம் மாறிய காலை

இராயபுரம் மருந்தகத்துக் கம்பவுண்டர் சௌக்கத் அலிக்கு நாற்பது வயது, நல்ல கை. அவர் கலக்கும் இருமல் மருந்துக்குக் கொருக்குப்பேட்டையிலிருந்தும் ஆட்கள் நடந்து வருவார்கள். அந்தக் கையில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை அவரே ஒப்புக்கொள்வார், யாரும் கேட்காமலேயே.

1954-இல் ஒரு காலை. புண் கழுவும் ஒரு சதவீதக் கரைசலை விடிந்ததிலிருந்து கலக்கிக்கொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் நூறால் வகுக்கிற கணக்கு. அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சவரிநாதனின் மனைவி சிலுவையம்மாள், புருஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிய சீட்டோடு வந்தாள். இதய மருந்து டிஜாக்சின். தினம் காலையில் 250 மைக்ரோகிராம். புட்டியின் மேலோ ஒரு மாத்திரைக்கு 0.25 மில்லிகிராம் என்று இருந்தது. வழக்கமாக எல்லாச் சீட்டும் மில்லிகிராமிலேயே வரும். இதை மாற்ற வேண்டியிருந்தது. ஆயிரத்தால் வகுக்க வேண்டியதை, காலையிலிருந்து பழகிய கைவாக்கில் நூறால் வகுத்துவிட்டார். 2.5 மில்லிகிராம். அப்படியானால் பத்து மாத்திரை. இந்த மருந்தை முதல் நாளில் நாலைந்து மாத்திரை கொடுப்பதைப் பார்த்திருந்ததால் பத்து என்பது அவர் கண்ணை உறுத்தவில்லை.

"டெய்லி காலையில பத்தும் ஒண்ணா போட சொல்லு."

சிலுவையம்மாள் போய்விட்டாள். நோட்டில் எழுதும்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். 2.5-ஐ ஆயிரத்தால் பெருக்கினார். 2500. சீட்டில் 250. பேனா கையில் நின்றுவிட்டது. ஒரே புள்ளி, ஒரு இடம் தள்ளி, பத்து மடங்கு. இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். வீட்டுக்குள் நுழைந்தபோது சவரிநாதன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், உள்ளங்கையில் மாத்திரைகள், மறு கையில் தண்ணீர்.

"நிறுத்து. எத்தினி போட்ட?"

"ஒண்ணு. நமக்கு தொண்ட அடைக்கும் பாய், ஒண்ணொண்ணாதான் எறங்கும். இன்னா ஆச்சு?"

கையில் ஒன்பது இருந்தன. சௌக்கத் அலி இரண்டு முறை எண்ணினார். ஒன்பது. விழுங்கிய அந்த ஒன்றுதான் சரியான அளவு. குண்டுமணியைவிடச் சின்ன மாத்திரை. அதற்குள் ஒரு ஆளின் உயிரும் சாவும் அடங்கியிருப்பதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. "நாந்தான் தப்பு பண்ணேன். ஒண்ணு போதும், பத்து இல்ல. பத்தும் போட்டிருந்தா..."

சிலுவையம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள், புருஷன் கையிலிருந்த ஒன்பதையும் வாங்கி, சௌக்கத் அலியின் கையில் கொட்டினாள்.

"நாளைலேந்து நீயே வந்து குடு பாய். ஒண்ணு. என் கண்ணு முன்னால."

அவர் போனார். சவரிநாதன் உயிரோடு இருந்த பதினொரு வருஷமும், பெருநாளன்றுகூட, தொழுகை முடித்த கையோடு.