பூஜையில் வைத்த டிஸ்க்

2008 ஆடியில் கிளினிக் முதலாளியிடம் இரண்டு பக்கக் கோரிக்கை ஒன்றைக் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தொழிற்சாலை ஆட்களைப் பரிசோதிக்கும் சின்ன கிளினிக் அது. முதலாளியே டாக்டர், நான் மேனேஜர். நோயாளிகளின் பதிவுகள் முழுவதும் ஒரே பழைய கம்ப்யூட்டரில் இருந்தன.

நான் கேட்டது இரண்டு. ஒன்று, நாஸ் என்கிற சேமிப்புப் பெட்டி. அதற்குள் இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் பெட்டியே போனால் இரண்டும் போய்விடும். அதனால் இரண்டாவதாக, வெளியே கொண்டுபோக இரண்டு டிஸ்க் கேட்டேன். மாற்றி மாற்றி நகல் எடுத்தால், எந்த நேரமும் ஒன்று மீஞ்சூரில் என் வீட்டில், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியபடி இருக்கும்.

"இன்னாபா இது, ஒரே கதையை இத்தினி டிஸ்க்ல வெச்சுக்கினு? கல்யாணப் பத்திரிகையா, ஊருக்கெல்லாம் குடுக்க?" என்று டாக்டர் சிரித்தார். "பெட்டி வாங்கிக்கோ. வெளிய எடுத்துனு போக ஒண்ணு போதும்."

"ஒண்ணுன்னா, நகல் எடுக்கறப்ப எல்லாமே இங்கதான் சார் இருக்கும்."

"அந்த அரை மணி நேரத்துல பூகம்பமா வரும்? பேஜாரு பண்ணாதே."

பெட்டியும் ஒரே ஒரு டிஸ்க்கும் வந்தன. அந்த ஒற்றை டிஸ்க்கைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் போய் வந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர், நாஸ், பி.பி. கருவி எல்லாவற்றுக்கும் டாக்டரே சந்தனம் வைத்தார். என் பையிலிருந்த டிஸ்க்கையும் வாங்கிப் பொட்டு வைத்து வரிசையில் சேர்த்தார். சாயங்காலம் எடுக்கப் போனேன்; கையைத் தட்டிவிட்டார்.

"பூஜையில வெச்சதை இன்னைக்கே எடுப்பாங்களா? உங்க ஊட்ல அப்படித்தானா?"

"இது வெளிய இருக்கணும் சார். அதுக்குத்தானே வாங்கினோம்?"

"சாமி பாத்துக்கும். பூட்டு."

விஜயதசமி காலையில் வந்தபோது பின் ஜன்னல் பெயர்க்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் இல்லை, நாஸ் இல்லை, டிஸ்க்கும் இல்லை. பொரியும் பூசணிக்காயும் பத்திரமாக இருந்தன.

"நீ எடுத்துனு போயிருக்கணும்ல?" என்றார் டாக்டர், போலீஸ்காரர் எதிரிலேயே. இன்றுகூட அதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன்.

போலீசுக்கு எதுவும் அகப்படவில்லை. கார்த்திகையில் ஒரு வார்ப்படத் தொழிலாளி வந்தார். தூசியால் நுரையீரல் கெட்டு வேலை போனவர், நஷ்டஈடு கேட்டிருந்தார். வேலைக்கு வரும்போதே அவருக்கு இருமல் இருந்தது என்று கம்பெனி சொன்னது. அப்போது நெஞ்சு நன்றாக இருந்ததற்கு ஒரே சாட்சி, சேர்ந்த வாரம் எங்களிடம் அவர் ஊதிய மூச்சுப் பரிசோதனைதான். அந்தப் பதிவைக் கேட்டுத்தான் வந்திருந்தார்.

"நீங்கதானே சார் ஊதச் சொன்னீங்க? 'நல்லா ஊதுறியே, நாதஸ்வரம் வாசிப்பியா'ன்னுகூட கேட்டீங்களே," என்றார் டாக்டரிடம்.

டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னிடம் திரும்பினார். "மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துக் குடுத்துடு. ஃப்ரீயா."

கெட்டுப்போன நெஞ்சை அளந்தால் கெட்டுப்போனது மட்டும்தான் தெரியும். டாக்டருக்கு இது தெரியாதா? தெரியும். நான் கருவியை எடுக்கவில்லை. "பதிவு திருடு போயிடுச்சுண்ணே. வெளியில ஒரு நகல் இருந்திருக்கணும். இவர் வைக்க விடலை. இதைக் கையெழுத்துப் போட்டே தர்றேன், உங்க வக்கீல்கிட்ட குடுங்க," என்றேன்.

டாக்டர் எழுந்து நின்றார். நான் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.