கண்ணை மூடிக்கொண்டு எண்ணூறு மீட்டர்

என் தங்கைக்கு வீட்டில் குடுக்கை என்று பெயர். அவசரக்குடுக்கை என்று முழுதாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் தெருமுனைக்குப் போய்விடுவாள் என்பதால் சுருக்கிவிட்டோம். பள்ளிக்காக எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் மாவட்டப் போட்டியில் முதல் சுற்றைத் தலைதெறிக்க ஓடி, இரண்டாவது சுற்றில் நாக்குத் தள்ளி, கடைசி ஆளாக வந்தாள். இந்த வருடத்தோடு பள்ளி முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

சீசன் தொடங்கியதும் பி.டி. டீச்சர் இலக்கை எழுதித் தரச் சொன்னார். ‘முதல் பரிசு’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். நானும் என் பங்குக்குப் பதக்கம் மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்தேன். முதலிடம் மற்றவர்கள் காலிலும் இருக்கிறது, உன் காலில் இருப்பதை எழுது என்றார் டீச்சர். முதல் சுற்று எழுபத்து நான்கு விநாடி, மொத்தம் இரண்டரை நிமிடத்துக்குள் என்று அதன் கீழே எழுதினாள். அதுவரை அவள் ஓடியதில் சிறந்த நேரமே அதைவிட நான்கு விநாடி கூட.

இதோடு, தினமும் கண்ணை மூடி மனதுக்குள் பந்தயத்தை ஓட வேண்டும் என்றார் டீச்சர். டிவியில் பார்ப்பதுபோல் இல்லாமல், ஓடுகிறவளின் கண்ணாலேயே பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் என் கையில். நான் வேலை செய்யும் இஸ்திரிக் கடையில் ஓட்ட ஷூவோடு கண்ணை மூடி நிற்பாள். நான்தான் அவளுக்குத் தண்டனை கொடுத்திருப்பதாக நினைத்து, துணி வாங்க வந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

முதல் நாள் ஒரு நிமிடம் பத்து விநாடியில் கையைத் தூக்கினாள். உலக சாதனைக்காரிக்குக் கை குலுக்கினேன். பதக்கம்கூட வாங்கியாகிவிட்டதாம். இரண்டாவது சுற்று எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“அங்க வலிக்கும்க்கா. அதான் தாண்டி வந்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. பாவமாக இருந்தது.

டீச்சரிடம் சொன்னபோது, அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஐநூறாவது மீட்டரில் தொடை கனக்கும், ஒருத்தி தாண்டிப் போவாள், அப்போது என்ன செய்வாய் என்றும் பார்த்து வை என்றார். ‘கையை வீசு’ என்று தனக்குள் சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தாள். ஐந்து வாரத்தில் மன ஓட்டம் இரண்டு நிமிடம் இருபத்தொன்பது விநாடிக்கு வந்தது. அதற்குள் நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு சட்டையைக் கருக்கியிருந்தேன்.

போட்டியன்று முதல் சுற்று எழுபத்து நான்கு. ஆறாவது ஆளாக, பதறாமல் வந்தாள். ‘ஓடுடி’ என்று கத்திய எனக்குத்தான் பொறுமை இல்லை. ஐநூறில் ஒருத்தி அவளைத் தாண்டினாள். போன வருடம் சுருண்ட அதே இடம். அவள் கைவீச்சு பெரிதானது. மூன்று பேரைத் தாண்டி நான்காவதாக முடித்தாள். இரண்டு நிமிடம் இருபத்தொன்பது விநாடி.

நான்காம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது. சுவர் ஆணி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“எதையும் தாண்டலைக்கா. வலிச்சுது, ஆனா முழுசா ஓடினேன்.” என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். “என்னக்கா, நீ நேரா மெடலுக்குப் போயிட்டியா?”