பால்மாப் பேணிக்குள் ஒரு நியூத்திரன் விண்மீன்

1. போரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியிலுள்ள மல்லாவியில் கொட்டில் போட்டு நடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தொண்டராசிரியையாக உயர்தரப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.
2. அந்த வகுப்பு என்னிடமே இருக்கலாமா என்று தீர்மானிக்க ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்தார்.
3. நான் கோண உந்தக் காப்பு விதியைப் படிப்பித்தேன். உதாரணத்துக்கு, துடிப்புத் துடிப்பாக அலை அனுப்பும் பல்சர் என்ற விண்மீனை எடுத்தேன்.
4. என் பல்சர் சுழலவில்லை, அணைந்து எரிகிறது என்று அவர் சொன்னார்.
5. மாணவர்கள் கை தட்டினார்கள்.
6. பக்கத்து வகுப்பு ஆசிரியை சண்டைக்கு வந்தார்.

வகுப்பு யாருக்கு என்பதை ஆறாவதுதான் முடிவு செய்தது. ஆனால் நாலாவதையும் ஐந்தாவதையும் விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

என்னிடம் பட்டம் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்து முடித்த கையோடு இடம்பெயர்ந்து வந்தவள். பௌதிகவியலுக்கு வேறு ஆள் இல்லாததால் அதிபர் என்னை எடுத்தார். எடுத்த நாளிலிருந்து அது தற்காலிகம் என்பதை அவர் எனக்கு மறக்க விடவில்லை. ஆசிரியர் அறையில் எனக்குக் கதிரை இருக்கவில்லை. யாராவது எழும்பிப் போனால் இருப்பேன், வந்தால் எழும்புவேன். ஆலோசகர் வருவதற்கு முதல் நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் ஓம் எண்டா வகுப்பு உம்மட்டை. இல்லையெண்டா கணித மாஸ்டரிட்டைக் குடுத்திட்டு நீர் ஒன்பதாம் வகுப்புக்குப் போம்."

"கணித மாஸ்டர் பௌதிகவியல் வேண்டாம் எண்டல்லோ சொன்னவர், சேர்?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை."

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். அதை விட்டால் நான் படித்த எதற்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

அன்று எனக்குத் தேவைப்பட்ட பொருட்கள் இவை: அடி வெட்டிய பால்மாத் தகரப் பேணி ஒன்று, டைனமோ பூட்டிய சைக்கிள், சைக்கிள் லைற்றின் பல்ப், வயர், ஒரு தடி, கொஞ்சம் தங்கூசி என்ற நைலோன் மீன்பிடி நூல், வெளிச்சத்தை மறைக்க உரச்சாக்குகள். பொருளாதாரத் தடையில் பற்றறி கிடைக்காத காலம். வன்னியில் வானொலி கேட்க நினைத்தவர்களும் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதித்துத்தான் கேட்டார்கள். ஆகவே பல்புக்கும் அதே வழிதான்.

பேணியின் இரண்டு பக்கமும் ஆணியால் ஒவ்வொரு துளை போட்டேன். ஒன்று மூடிக்குக் கிட்ட, எதிர்ப்பக்கத்துத் துளை வெட்டிய அடி விளிம்புக்குக் கிட்ட. பேணியைத் தங்கூசியில் கட்டிக் கொட்டில் கூரை வளையில் தொங்கவிட்டேன். பல்பைத் தடியில் கட்டிக் கீழிருந்து பேணியின் நடுவுக்குள் நிறுத்தினேன். தங்கூசியை முறுக்கி விட்டால் பேணி சுற்றும், பல்ப் அசையாது. ஒரு துளையால் வெளிச்சம் சரிவாக மேலே போகும், மற்றதால் சரிவாகக் கீழே போகும்.

தங்கூசி ஒரு மாணவி கொண்டுவந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. வாய் கொஞ்சம் கூட. "அப்பாக்குச் சொல்லேல்லை ரீச்சர், அறுத்திட்டு வந்தனான். திருப்பித் தரவேணும்" என்று முதலே கணக்குத் தீர்த்துக்கொண்டாள்.

ஆலோசகர் பிள்ளைகளின் கடைசி வாங்குக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். வெள்ளைச் சேட்டு, மடியில் குடை. என் பெயரைக் கேட்கவில்லை. "தொடங்கும் பிள்ளை" என்றார்.

தொடங்கினேன். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன் எரிபொருள் தீர்ந்து வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே உள்ளே நொருங்குகிறது. மிஞ்சுவது கிட்டத்தட்ட முழுக்க நியூத்திரன்களாலான ஒரு பந்து. சூரியனளவுக்கு மேற்பட்ட திணிவு, ஆனால் குறுக்களவு இருபது கிலோமீற்றர் சொச்சம், கிட்டத்தட்ட மாங்குளத்திலிருந்து மல்லாவிக்கு வரும் தூரம். சுழன்றுகொண்டிருந்த பெரிய பொருள் இவ்வளவு சுருங்கினால் கோண உந்தம் மாறாமல் இருப்பதற்காகச் சுழற்சி வேகம் ஏறியே ஆகவேண்டும். சில பல்சர்கள் ஒரு செக்கனில் பல தடவை சுற்றுகின்றன. அவற்றின் காந்த முனைகளிலிருந்து வானொலி அலை ஒடுங்கிய கற்றையாகப் புறப்படுகிறது. காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து சரிந்திருப்பதால் கற்றை வானத்தைத் துழாவிக்கொண்டு போகிறது. பூமிமேல் படும்போது மட்டும் எங்களுக்கு ஒரு துடிப்பு.

"வெளிச்சவீடு மாதிரி" என்றாள் தங்கூசி கொண்டுவந்த கரைப்பிள்ளை. "அப்பா முந்தித் திருகோணமலைப் பக்கம் தொழிலுக்குப் போகேக்கை எண்ணிப் பாப்பாராம். ஒரு வெளிச்ச வெட்டுக்கும் மற்ற வெட்டுக்கும் இடையிலை எவ்வளவு எண்டு பாத்தா எந்த வெளிச்சவீடு எண்டு தெரியுமாம்."

"பல்சரையும் அப்பிடித்தான் பிரிச்சு அறியிறது. ஒவ்வொண்டுக்கும் தன்ரை கணக்கு" என்றேன்.

உரச்சாக்குகளைக் கட்டி இருட்டாக்கினோம். கண்டாவளையிலிருந்து வந்த கமக்காரக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் சைக்கிளில் ஏறி மிதித்தான். பேணி சுற்றியது. பின்வாங்கில் இருந்தவர்களின் தலைக்கு மேலே வெளிச்சம் வந்து வந்து போனது. எனக்குத் திருப்தி.

மிதித்தவனுக்குக் காலையில் சாப்பாடு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். வேகம் விட்டுப்போனது. பல்ப் மங்கியது, பிரகாசித்தது, மறுபடி மங்கியது.

"நிப்பாட்டு" என்றார் ஆலோசகர். நின்றது. "பிள்ளை, உம்மடை பல்பே அணைஞ்சு அணைஞ்செல்லோ எரியுது. நான் இங்கை இருந்து பாத்தது பேணி சுத்தினதையோ, பல்ப் அணைஞ்சதையோ? எனக்கு ரெண்டும் ஒண்டுதான். விண்மீன் வீங்கிச் சுருங்கி ஒளி கூடிக் குறையிறது எண்டும் இருக்கு, தெரியுமோ?"

"தெரியும், சேர். அப்பிடி விண்மீன்கள் இருக்கு. ஆனால் அதுக்கு நாள் கணக்கு எடுக்கும். செக்கனுக்குப் பல தடவை எண்டா..."

"எங்கை வாசிச்சனீர்? டெக்னிக்கல் கொலிஜ்ஜிலை நட்சத்திரமும் படிப்பிச்சவையோ, வயர் அடிக்கிறதோட சேத்து?"

முன்வாங்கில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

அவர் என்னை அவமதிக்கத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியானது. அந்த ஒரு கதிரையிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. நான் சொல்லித் தோற்பதைவிட, பிள்ளைகளைக் கொண்டு காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

"எல்லாரும் எழும்புங்கோ. சுவரோரமா வாங்குகளைப் போட்டு அதிலை ஏறி வட்டமா நில்லுங்கோ. உங்கடை கண்ணிலை வெளிச்சம் அடிக்கேக்கை ஒருக்காக் கை தட்டவேணும்."

"நான், ரீச்சர்?" என்றான் வாங்கு கிடைக்காத ஒருவன்.

"நீ அங்கேயே நில்லு."

முதலில் பேணியைக் கழற்றி வைத்தேன். மிதிப்பவனிடம் விட்டு விட்டு மிதிக்கச் சொன்னேன். பல்ப் மங்கிப் பிரகாசித்தது. ஒவ்வொரு பிரகாசத்துக்கும் கொட்டில் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே தட்டு.

"இது அணைஞ்சு எரியிற விளக்கு" என்றேன். "ஆர் எங்கை நிண்டாலும் ஒரே நேரம்."

பிறகு பேணியை மாட்டித் தங்கூசியை முறுக்கி விட்டேன். மிதிப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சீராக மிதித்தான். இப்போது தட்டு சேர்ந்து விழவில்லை. வாசலடியில் ஒன்று, அடுத்தவள், அதற்கடுத்தவன், கரும்பலகையடியில், ஆலோசகருக்குப் பின்னால், மறுபடி வாசலடியில். சத்தம் கொட்டிலைச் சுற்றி ஓடியது. பேணி வேகம் பிடிக்க, ஓட்டமும் வேகம் பிடித்தது. பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். தங்கூசி முழுக்க அவிழ்ந்து மறுபக்கம் முறுகுவதற்குள் பேணியைக் கையால் பிடித்தேன். விண்மீன் திரும்பிச் சுழலாது.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றான் கீழே நின்றவன். "கால்மாட்டிலை ஏதோ வெளிச்சம் போச்சு, தலைக்கு மேலாலை ஏதோ போச்சு. என்ரை கண்ணிலை படேல்லை."

"உனக்கு அது செத்த நட்சத்திரமடா" என்றாள் கரைப்பிள்ளை.

"அதுதான்" என்றேன். "கற்றை பூமியிலை படாத நியூத்திரன் விண்மீனும் சுத்திக்கொண்டுதான் இருக்கும். எங்களுக்குத் துடிப்பு வராது. அவ்வளவுதான்."

ஆலோசகர் எழும்பவில்லை. குடையின் பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "சரி. இஞ்சை வட்டமா நிக்க ஆக்கள் இருக்கினம். விண்மீனைச் சுத்தி ஆர் வாங்கு போட்டு நிக்கிறது?"

அதுவும் நல்ல கேள்விதான். பூமி ஒரு கதிரைதான். "நிக்கேலாது, சேர். அதாலைதான் துடிப்பின்ரை கணக்கைப் பாக்கினம். கணக்கு அச்சொட்டா வரும். கன காலம் பாத்தா மட்டும் இடைவெளி மெல்ல மெல்லக் கூடுது. சுழலுற பொருள் சக்தியை இழந்தா அப்பிடித்தான் வேகம் குறையும். அவ்வளவு கெதியாச் சுத்தியும் சிதறாம இருக்க, அது அவ்வளவு சின்னதா, அவ்வளவு பாரமா இருக்கவேணும்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தென்னோலைக் கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்த தமிழ் ரீச்சர் உரச்சாக்கைக் கிழித்துவிடுவது போல விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது என்ன, சந்தையோ? நான் அங்கை இலக்கணம் படிப்பிக்கிறதோ, உங்கடை கைதட்டைக் கேக்கிறதோ? ஒரு மணித்தியாலமாப் பொறுத்துப் பாத்தன்!"

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கவில்லை. வாங்குகள் மேல் நின்ற பிள்ளைகளை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

ஆலோசகரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. தேடிக்கொண்டிருந்த வழி கிடைத்த முகம். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதிபரின் கொட்டிலில் என்னை நிற்க வைத்துக்கொண்டே அதிபரிடம் பேசினார்.

"விசயம் பிழையில்லை. ஆனால் வகுப்பை அடக்கத் தெரியேல்லை. பிள்ளையள் வாங்கிலை ஏறி நிண்டு கை தட்டுதுகள். உயர்தரத்துக்கு இது சரிவராது."

"கை தட்டச் சொன்னது நான், சேர்" என்றேன்.

"அதைத்தான் சொல்லுறன்."

அதிபர் என்னைப் பார்க்காமல், "அப்ப ஒன்பதாம் வகுப்பு" என்றார்.

வெளியே வந்தபோது சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரைப்பிள்ளை தங்கூசியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"என்ன ரீச்சர் சொன்னவையள்?"

"விசயம் பிழையில்லையாம்."

"அப்ப?"

"நாளையிலை இருந்து கணித மாஸ்டர்."

அவள் கணித மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். ஆசிரியை என்ற முறையில் நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

கணித மாஸ்டர் பௌதிகவியலைக் கேள்வித்தாள்களை வைத்து நடத்தினார். அவர் கெட்டிக்காரர், சுழற்சி இயக்கக் கணக்குகளைப் பிழையில்லாமல் செய்து காட்டினார் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பல்சரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை. தமிழ் ரீச்சர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் ஒளித்தெறிப்பு படிப்பித்தேன். ஆசிரியர் அறையில் எனக்குக் கதிரை வரவில்லை.

நிலைமை இதுதான்: பல்சர் சுழலும் நியூத்திரன் விண்மீன் என்பது சரி, அந்த வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.